கோடவுனில் வைத்த ஷீட்டும் கடனுக்குக் கொடுத்த ஷீட்டும்: ஒரே வியாபாரி மீது வந்த இரண்டு வழக்குகள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் ஷீட் வியாபாரியின் கோடவுன் 2024 ஆகஸ்டில் பூட்டப்பட்டது. பணமோ சரக்கோ போனவர்கள் பதினொரு பேர். எல்லோரும் சேர்ந்து ஒரே மனு கொடுத்தார்கள். அந்த மனு ஏன் நிற்கவில்லை, பிரித்துக் கொடுத்த பிறகு எது நின்றது, எது கடைசி வரை குற்றமே ஆகாமல் போனது என்பதை இந்த ஆய்வு தேதி வரிசையில் சொல்கிறது. சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி எடையும் சில விவரங்களும் மாற்றப்பட்டிருக்கின்றன. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்ற வரிசை மட்டும் மாற்றப்படவில்லை. இந்த வழக்கின் உயிர் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

பின்னணி

வியாபாரிக்கு இருபது வருடத் தொழில், ரப்பர் வாரிய உரிமம், சொந்தக் கோடவுன். சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகள் பால்வெட்டி, ஷீட் அடித்து, புகை போட்டு அவரிடம் கொண்டுபோவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் செய்தது ஒன்றுதான்: ஷீட்டை இறக்கினார்கள், துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அந்தச் சீட்டுகள் மூன்று விதமாக இருந்தன.

நான்கு பேர் சரக்கை இருப்பு வைத்தவர்கள். விலை ஏறும்போது விற்கலாம் என்று 2023 அக்டோபர் முதல் 2024 ஜனவரி வரை, பால் நன்றாகக் கிடைக்கும் மாதங்களில், மொத்தம் 3,800 கிலோ வைத்தார்கள். அவர்களில் நான்கு ஏக்கர் தோட்டக்காரர் ஒருவருடைய சீட்டில் “இருப்பு 960 கிலோ, வாடகை கிலோவுக்கு மாதம் 50 பைசா, சொன்னால் மட்டும் விற்க” என்று வியாபாரியின் கையெழுத்தோடு இருந்தது. அவருடைய கட்டுகள் பெயரின் முதலெழுத்தைச் சாயத்தில் குறித்துத் தனி அடுக்காக வைக்கப்பட்டன. இப்படி வைத்து எடுப்பது அங்கே பல வருடமாக நடந்துவந்த பழக்கம். முந்தைய வருடங்களில் கேட்டவர்களுக்கெல்லாம் ஷீட்டோ பணமோ ஒழுங்காகக் கிடைத்திருக்கிறது.

ஐந்து பேர் விலையைப் பிறகு முடிவு செய்வதாகக் கொடுத்தவர்கள். 2024 மார்ச், ஏப்ரலில் 4,100 கிலோ. சீட்டில் எடையும் “விலை பின்” என்ற சொல்லும் மட்டும் உண்டு. ஆளுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் என்று முன்பணம் வாங்கியிருந்தார்கள். சரக்கு வியாபாரியின் சொந்த அடுக்கோடு சேர்ந்தது. அவர் அதை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். விவசாயி தனக்குப் பிடித்த நாளில் “இன்றைக்கு விலை போடுங்கள்” என்று சொன்னால் அன்றைய சந்தை விலையைக் கணக்கிட்டு மீதியைத் தருவார்.

மீதி இரண்டு பேர் 2024 ஜூன் கடைசி வாரத்தில் நேரடியாகக் கடனுக்கு விற்றவர்கள். அருமனைப் பக்கத்துப் பெண் ஒருவர் 1,700 கிலோ, இன்னொருவர் 900 கிலோ. சந்தை விலைக்கு மேல் கிலோவுக்கு 6 ரூபாய் கூட்டி, பத்து நாளில் பணம் என்ற பேச்சில் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஜூலை 10 தேதியிட்ட காசோலை கொடுக்கப்பட்டது. கிலோ 212 ரூபாய் வீதம் 3,60,400 ரூபாய்.

என்ன நடந்தது

வியாபாரி சாய்ந்த விதத்தைத் தெரிந்துகொள்ளாமல் யார் மீது என்ன குற்றம் என்று சொல்ல முடியாது. மார்ச்சில் அவர் கேரளத்துக் கம்பெனி ஒன்றுக்குக் கிலோ 182 ரூபாய் என்ற நிலையான விலைக்கு 15 டன் தருவதாக ஒப்பந்தம் போட்டார். அதன்பின் விலை ஏறத் தொடங்கியது. ஜூனில் உள்ளூரிலேயே 205 ரூபாய் ஆனபோது, ஒவ்வொரு கிலோவுக்கும் 20 ரூபாய்க்கு மேல் கையிலிருந்து போட்டு அனுப்ப வேண்டிய நிலை. ஒன்பது டன் போன பிறகு அவரால் முடியவில்லை. ஜூன் 14 அன்று கம்பெனி மின்னஞ்சலில் ஒப்பந்தத்தை ரத்து செய்து, கடைசி லோடின் பணத்தையும் நிறுத்திவைத்தது. அதற்கு மூன்று நாள் முன்பே, ஜூன் 11 அன்று, அவர் தன் நடப்புக் கணக்குகளில் ஒன்றை மூடியிருந்தார். காசோலைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஜூன் 24-ம் 28-ம் தேதிகளில் அந்த இரண்டு பேரிடமும் சரக்கு வாங்கும்போது அவர் சொன்னது: “கொச்சிக் கம்பெனிக்காரன் பணம் போட்டாச்சு, லோடு ஏறினதும் கணக்குக்கு வந்திரும்.” இதில் ஒரு பகுதி வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவே இருந்தது. காசோலை எழுதியது ஜூன் 11-ல் மூடிய கணக்கின் ஏட்டிலிருந்து. 212-க்குக் கடனாக வாங்கிய ஷீட்டை ஜூன் 29 அன்று 198 ரூபாய்க்கு ரொக்கமாக விற்றார்.

ஜூலை 11, 12 தேதிகளில் இருப்பு வைத்தவர்களின் அடுக்கு களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குப் போனது. மாநிலம் தாண்டி 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு போனால் இ-வே பில் வேண்டும் என்பதால் தேதி, வண்டி எண், எடை எல்லாம் பதிவாகியிருந்தன. ஆகஸ்டில் ஆர்.எஸ்.எஸ். 4 ரகம் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. நான்கு ஏக்கர்காரர் ஆகஸ்ட் 8 அன்று போன் செய்து, “அண்ணாச்சி, 240 ஆயிட்டாமே, நம்ம ஷீட்டை நாளைக்குக் கொடுத்திருங்க” என்றார். நாளைக்கு, மறுநாளைக்கு என்று பதில் வந்தது. ஆகஸ்ட் 12-ல் கோடவுனில் பூட்டு.

முதல் மனுவும் அது திரும்பியதும்

ஆகஸ்ட் 19 அன்று பதினொரு பேரும் கையெழுத்திட்டு நாகர்கோவிலில் எஸ்.பி. அலுவலகத்தில் ஒரே மனு கொடுத்தார்கள். “ஆரம்பம் முதலே எங்களை ஏமாற்றும் எண்ணத்தோடு ஷீட்டைப் பெற்று, நம்பிக்கை மோசடி செய்துவிட்டார்” என்பது அதன் சாரம். மனு காவல் நிலையத்துக்கு வந்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போடப்பட்டு, செப்டம்பர் 10 அன்று “சிவில் தன்மையுடையது” என்ற குறிப்போடு முடிக்கப்பட்டது.

விவசாயிகளுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனாலும் அந்த மனுவை வைத்து வேறு முடிவுக்கு வருவது கடினம். பேச்சு வழக்கில் “மோசடி” என்ற ஒரே சொல் இரண்டு குற்றங்களுக்கும் ஓடுகிறது. சட்டத்தில் ஏமாற்றுதலும் நம்பிக்கை மோசடியும் ஒன்றுக்கொன்று எதிரான கதைகள். ஏமாற்றுதலில், பொருளைக் கையில் வாங்கும் அந்த நேரத்திலேயே நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும். பொய்யை நம்பித்தான் கொடுத்தவர் கொடுக்கிறார். நம்பிக்கை மோசடியில் வாங்கும்போது எல்லாம் நேராகவே இருக்கும். கொடுத்தவர் பொருளின் உரிமையைக் கொடுக்கவில்லை, காவலை மட்டும் கொடுக்கிறார். எண்ணம் கெடுவது பிறகு, பொருள் கையில் இருக்கும்போது. ஒரே மூட்டையைப் பற்றி “ஆரம்பம் முதலே ஏமாற்றினார், ஆனால் நாங்கள் நேர்மையாக ஒப்படைத்து வைத்திருந்தோம்” என்று சேர்த்துச் சொன்னால் இரண்டில் ஒன்று பொய்யாக வேண்டும்.

இந்த மனு கொடுத்த அதே வாரத்தில், ஆகஸ்ட் 23 அன்று, டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. குதிரைத் தீவனம் கொடுத்தவருக்குப் பாக்கி நின்ற வழக்கு அது. விற்ற பொருளில் ஒப்படைப்பு என்பதே இல்லை, ஒரே நிகழ்வில் இரண்டு குற்றங்களும் சேர்ந்து நிற்காது, வேறுபாடு பார்க்காமல் இரண்டு பிரிவையும் போட்டுவிடும் பழக்கம் தவறு என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. கருத்து புதிதல்ல. விற்பனையில் ஒப்படைப்பு இல்லை என்பது 1968-ல் ஒரு சிமெண்ட் வழக்கிலேயே முடிவானது. ஒப்பந்த மீறலையும் ஏமாற்றுதலையும் பிரிப்பது வாக்குக் கொடுத்த நேரத்து எண்ணம்தான் என்று 2000-ஆம் ஆண்டில் ஹிருதய ரஞ்சன் வழக்கும் சொன்னது.

சட்டப் புத்தகத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அவுரிச் செடி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறவர், வாங்கும்போதே தரும் எண்ணம் இல்லாதவர் என்றால் அது ஏமாற்றுதல். தரும் எண்ணத்தோடு வாங்கி, பிறகு தராமல் போனால் உரிமையியல் வழக்குக்கு மட்டுமே பொறுப்பாளி. பழைய தண்டனைச் சட்டத்தின் 415-ஆம் பிரிவில் இருந்த இது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. அவுரி போய் ரப்பர் வந்திருக்கிறது, அவ்வளவே.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

செப்டம்பர் கடைசியில் பதினொரு பேரின் சீட்டுகளையும் மேசை மேல் பரப்பி, ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டே கேள்வி கேட்கப்பட்டது. ஷீட் கைமாறிய அன்று அது யாருடையதாக இருந்தது? வியாபாரியின் எண்ணம் கெட்டதற்கு நம்மிடம் உள்ள முதல் சான்று எந்தத் தேதி?

இருப்பு வைத்த நான்கு பேருக்கு முதல் கேள்விக்கு விடை தெளிவு. வாடகை வாங்கியிருக்கிறார், தனி அடுக்கு, “சொன்னால் மட்டும் விற்க” என்ற கட்டளை. ஷீட் விவசாயியுடையது, காவல் மட்டும் வியாபாரியுடையது. இரண்டாம் கேள்விக்கு விடை ஜூலை 11. ஜூலை 4 அன்று அவருக்குக் கடன் கொடுத்திருந்த வங்கியின் அதிகாரி சரக்கு இருப்பைப் பார்க்க வந்திருக்கிறார். அவருடைய குறிப்பில் “பிறர் இருப்பு 3,800 கிலோ, தனி அடுக்கு” என்று இருந்தது. இது பின்னால் விசாரணையில், புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவு நோட்டீஸ் மூலம் முறைப்படி பெறப்பட்டது. இந்த ஒரு வரி இரண்டு வேலை செய்தது. சரக்கு பிறருடையது என்பதை வியாபாரியே ஒப்புக்கொண்டிருந்தார் என்று காட்டியது. ஜூலை 4 வரை அதில் கை வைக்கவில்லை என்றும் காட்டியது. ஆகவே இவர்களுடைய புதிய மனுவில் “ஆரம்பம் முதலே” என்ற சொல் முழுவதும் எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, பல வருடம் ஒழுங்காக நடந்துகொண்டவர் என்பதே முதல் பத்தியில் எழுதப்பட்டது. குற்றம் சாட்டுகிற மனுவில் எதிராளியின் நல்ல நடத்தையை எழுதுவதா என்று நான்கு பேரும் தயங்கினார்கள். நம்பிக்கை மோசடியில் அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

ஜூன் மாதத்து இரண்டு பேருக்கு விடை தலைகீழ். அவர்கள் விற்றார்கள், ஷீட் அன்றே வியாபாரியுடையதாகிவிட்டது. நம்பிக்கை மோசடி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் எண்ணம் கெட்ட தேதி சரக்கு கைமாறுவதற்கு முன்னால் இருந்தது. பத்து நாளில் தருகிறேன் என்ற வாக்கை மட்டும் வைத்து ஏமாற்றுதலைக் காட்டுவது கடினம், ஏனென்றால் வாக்கு தவறுகிறவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். இங்கே அவர் சொன்னது நடந்துமுடிந்த ஒன்றைப் பற்றிய பொய்: ஜூன் 14-ல் ரத்தான ஒப்பந்தத்தின் பணம் வந்துவிட்டது என்று ஜூன் 24-ல் சொன்னார். மூடிய கணக்கின் காசோலை இன்னொரு பொய். 212-க்குக் கடனில் வாங்கி ஜூன் 29-லேயே 198-க்கு ரொக்கத்துக்கு விற்றது மூன்றாவது. கொடுக்கப் போகிற வியாபாரி கிலோவுக்கு 14 ரூபாய் நட்டத்தைத் தெரிந்தே வாங்கமாட்டார். 900 கிலோக்காரரிடம் காசோலை கிடையாது. அவருடைய மனு குரல் செய்தியிலும் அந்த மறுவிற்பனைப் பில்லிலும் நின்றது. குரல் செய்தி இருந்த போனுக்கு, மின்னணுச் சான்றுக்கு வேண்டிய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் அப்போதே தயாரிக்கப்பட்டது.

“விலை பின்” சீட்டுக்காரர்கள் ஐந்து பேரிடம்தான் சொல்லக் கடினமான செய்தி இருந்தது. அவர்கள் இழந்ததுதான் அதிகம். ஆனால் முன்பணம் வாங்கி, சரக்கைக் கலக்க விட்டு, எப்போது வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஒப்புக்கொண்டு கொடுத்தது விற்பனை. விலை குறிக்கும் நாள் மட்டும் தள்ளியிருந்தது. மார்ச், ஏப்ரலில் வியாபாரியின் தொழில் நன்றாகவே ஓடியது, அதே மாதங்களில் மற்றவர்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறார். ஜூனில் ஏற்பட்ட நட்டத்தை வைத்து மார்ச் மாத எண்ணத்தைக் கெட்டது என்று சொல்ல வழியில்லை. ஒப்படைப்பும் இல்லை, ஆரம்ப வஞ்சகமும் இல்லை. அவர்களில் ஒருவர், தன் ஷீட்டையும் இருப்பாகத்தான் வைத்தேன், சீட்டில் எழுத மறந்துவிட்டார் என்று உறுதியாகச் சொன்னார். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். சீட்டு வேறு சொல்கிறது, முன்பணமும் வாங்கியிருக்கிறார். அவரையும் உரிமையியல் பக்கமே வைத்தது சரியான முடிவு, வருத்தமான முடிவும்கூட. குற்ற வழக்கில் அவரைச் சேர்த்திருந்தால் குறுக்கு விசாரணையில் இருப்பு வைத்த நான்கு பேரின் சீட்டுகளும் சந்தேகத்துக்குள் போயிருக்கும்.

இனி, எந்தச் சட்டம் என்ற கேள்வி. பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்று 358-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஏமாற்றுதல் பொருள் கைமாறும்போதே முடிந்துவிடுகிறது. அது ஜூன் 24-ம் 28-ம் தேதி. ஆகவே பழைய சட்டத்தின் 420. நம்பிக்கை மோசடி பொருள் வந்த நாளில் நடப்பதில்லை, அதைத் தன்னுடையதாக்கிக்கொண்ட நாளில் நடக்கிறது. அது ஜூலை 11. ஆகவே புதிய சட்டத்தின் 316. அக்டோபரில் வந்த சரக்குக்குப் புதிய சட்டம், எட்டு மாதம் கழித்து ஜூனில் வந்த சரக்குக்குப் பழைய சட்டம். முதல் பார்வையில் தலைகீழாகத் தெரியும். இரண்டு குற்றங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான இடம் இந்த வழக்கில் இல்லை.

316-க்குள் எந்த உட்பிரிவு என்பதிலும் கொஞ்சம் பேச்சு நடந்தது. வணிகர், முகவர் என்ற நிலையில் செய்த மோசடிக்கான 316(5) போட வேண்டும் என்று விவசாயிகளின் தரப்பு கேட்டது. அதில் ஆயுள் தண்டனை வரை உண்டு, சமரசத்துக்கு வழியில்லை. கடைசியில் 316(3) போடப்பட்டது. வாடகை வாங்கிச் சரக்கு வைத்துக்கொள்கிறவர் பண்டகக் காப்பாளர் என்பதற்குச் சீட்டே சான்று, ஏழு வருடம் வரை தண்டனை, நீதிமன்ற அனுமதியோடு சமரசமும் செய்யலாம். பணம் திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கடைசி வாய்ப்பு பெரியது.

பின்னர் நடந்தவை

அக்டோபரில் இரண்டு தனித்தனி முதல் தகவல் அறிக்கைகள் பதிவாயின. வியாபாரி முன்ஜாமீன் மனுவில் டெல்லி ரேஸ் கிளப் தீர்ப்பைக் காட்டி, ஒரே தொழிலில் ஒரே ஆள் மீது இரண்டு குற்றமும் சேராது என்று வாதிட்டார். வேறு வேறு சரக்கு, வேறு வேறு ஆட்கள், வேறு வேறு தேதி என்பது அரசுத் தரப்பின் பதில். அந்தத் தீர்ப்பு தடுப்பது ஒரே பொருளின் மேல் இரண்டையும் ஏற்றுவதைத்தான். ஒருவர் ஜூனில் ஒருவரை ஏமாற்றியது, ஜூலையில் இன்னொருவரின் நம்பிக்கையைக் கெடுக்க உரிமம் ஆகிவிடாது. கையெழுத்து நிபந்தனையோடு முன்ஜாமீன் கிடைத்தது. இரண்டு வழக்குகளும் நின்றன.

இருப்பு வழக்கில் எதிர்த்தரப்பு இரண்டு இடத்தில் குத்தியது. இ-வே பில்லில் 3,760 கிலோதான் இருக்கிறது, 40 கிலோ எங்கே என்றது. மாதக்கணக்கில் அடுக்கிய ஷீட் ஈரம் வற்றி எடை குறைவது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது, அதுவே பதிலானது. இன்னொன்று, நான்கு பேரில் ஒருவர் மே மாதம் வியாபாரியிடம் 15,000 ரூபாய் வாங்கியிருந்தார். அது முன்பணம், ஆகவே அன்றைக்கே இருப்பு விற்பனையாகிவிட்டது என்றது எதிர்த்தரப்பு. வியாபாரியின் பேரேட்டிலேயே அது “கைமாற்று” என்று எழுதப்பட்டிருந்தது. முன்பணம் என்று எழுதியிருந்தால் அந்த ஒருவர் வழக்கிலிருந்து விழுந்திருப்பார்.

குற்றப்பத்திரிகைக்குப் பிறகு வியாபாரியின் குடும்பம் 30 சென்ட் நிலத்தை விற்று, கிலோ 200 ரூபாய் கணக்கில் 7,60,000 ரூபாயை மூன்று தவணையில் கொடுத்தது. ஆகஸ்ட் விலைக்கு 1,52,000 குறைவு. நான்கு பேரும் ஏற்றுக்கொண்டார்கள். நீதிமன்ற அனுமதியோடு சமரசமானது. 420 வழக்கில் குற்றச்சாட்டு வனையப்பட்டு விசாரணை நடக்கிறது. “விலை பின்” ஐவரில் மூவர் பத்மநாபபுரம் நீதிமன்றத்தில் பணம் கேட்டு வழக்குப் போட்டுத் தீர்ப்பும் வாங்கிவிட்டார்கள். நிறைவேற்றத்தில்தான் தடை. விற்க நிலம் மீதியில்லை, கோடவுன் வங்கி அடமானத்தில் இருக்கிறது. மற்ற இருவர் கட்டணமும் அலைச்சலும் கருதி வழக்கே போடவில்லை.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

கூட்டு மனுவுக்காகக் காத்திருந்த ஐந்து வாரத்தில் அருமனைப் பெண்ணுக்கு ஒரு தனி நட்டம் நேர்ந்தது. காசோலை ஜூலை 12-ல் திரும்பியது. கணக்கு மூடப்பட்டது என்ற காரணத்தோடு திரும்பினாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-இன் கீழ் வழக்குப் போடலாம். வங்கிக் குறிப்பு கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். எல்லோரோடும் சேர்ந்து போகலாம் என்று காத்திருந்ததில் அந்த நாள் கடந்துபோனது. காசோலைக்கு மூன்று மாத ஆயுள் உண்டு, அதற்குள் மறுபடி வங்கியில் போடலாம் என்பதால் செப்டம்பர் 20-ல் மறுபடி போட்டு, திரும்பிய குறிப்பை வைத்து நோட்டீஸ் அனுப்பி 138 வழக்கும் தனியாக ஓடுகிறது. அக்டோபர் 10 தாண்டியிருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

எந்தக் குற்றம் என்று உண்மையாகவே ஐயமிருந்தால், இதுவோ அதுவோ என்று மாற்றாகக் குற்றச்சாட்டு வனைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 244-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. ஆகவே மனுதாரர் இரண்டு பெயரையும் தானே எழுதி வைக்க வேண்டியதில்லை. தேதியையும் நடந்ததையும் எழுதினால் போதும். இந்த வழக்கில் முதல் மனுவில் ஒரு தேதிகூட இல்லை. மறு மனுக்களில் ஒவ்வொரு வரியும் தேதியோடு தொடங்கியது: எந்த நாள் எடை போட்டது, எந்த நாள் என்ன சொன்னார், எந்த நாள் கேட்டது, எந்த நாள் மறுத்தார். இ-வே பில் போன்ற பதிவு கிடைக்காத இடத்தில், திருப்பிக் கேட்ட நாளும் மறுத்த நாளும்தான் எண்ணம் கெட்டதற்கு முதல் சான்று. நான்கு ஏக்கர்காரர் ஆகஸ்ட் 8-ல் போனில் கேட்டதோடு நிறுத்தாமல் ஒரு செய்தியும் அனுப்பியிருந்தால் அது எழுத்தில் இருந்திருக்கும்.

கோடவுனில் ஷீட் வைக்கிற பழக்கம் அந்தப் பக்கத்தில் நிற்கவில்லை. இப்போது அந்த நான்கு பேரும் சீட்டில் “இருப்பு”, வாடகை, “சொன்னால் மட்டும் விற்க” ஆகிய மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அடுக்கைக் குறியோடு போனில் படம் எடுத்து வியாபாரிக்கே அனுப்பி வைக்கிறார்கள். அவசரத்துக்கு அவரிடம் பணம் வாங்க நேர்ந்தால், அது கைமாற்று என்று தனித் தாளில் எழுதிக்கொள்கிறார்கள், இருப்புச் சீட்டின் பின்பக்கத்தில் எழுத விடுவதில்லை.